மும்பை வியர்வைக்கு எந்த வாட்ச் பட்டை?

ஸ்மார்ட்வாட்ச் கட்டிய இடத்தில் தடிப்பு வந்ததும் பெரும்பாலோர் உடனே புதுப் பட்டை வாங்கிவிடுகிறார்கள். சிலிகான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நைலானுக்குப் போகிறார்கள். நைலானில் நாற்றம் வருகிறது என்று தோல் பட்டைக்குப் போகிறார்கள். மூன்றாவது பட்டையிலும் அதே இடம் அரிக்கும்போது, வாட்ச் கட்டும் யோகமே தங்களுக்கு இல்லை என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இப்படி உறங்கும் வாட்சுகள் இருக்கின்றன. பட்டையை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வாட்சைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தடிப்பு எந்த இடத்தில், என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மணிக்கட்டைச் சுற்றிலும் பட்டையின் அகலத்துக்குச் சிவந்து, அரிப்பைவிட எரிச்சல் கூடுதலாக இருந்தால், அது பெரும்பாலும் ஈரமும் உராய்வும் சேர்ந்து செய்தது. பட்டைக்கு அடியில் வியர்வை வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. சருமத்தின் மேல்படலம் ஊறி மென்மையாகிறது. அந்த மென்மையான இடத்தில் பட்டை நாள் முழுக்கத் தேய்கிறது. குளிக்கும்போது அடியில் புகுந்த சோப்பும் அங்கேயே தங்கிவிட்டால் எரிச்சல் இன்னும் கூடும். இந்த வகைத் தடிப்பு, பட்டையைக் கழற்றி மணிக்கட்டை உலர விட்டால் சில நாட்களில் தணியத் தொடங்கும்.

பட்டை முழுக்கத் தொட்டிருந்தும், பக்கிள் அமரும் உள்மணிக்கட்டில் மட்டும் ஒரு நாணயம் அளவுக்குத் தடித்து, கடுமையாக அரித்தால், பட்டையின் பொருளைச் சந்தேகிப்பதைவிட உலோகத்தைச் சந்தேகிப்பதே சரி. அதிலும் குறிப்பாக நிக்கலை. இது ஒவ்வாமை. நிக்கல் பட்டவுடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்தே தலைகாட்டும். அதனால்தான் கடையில் கட்டிப் பார்க்கும்போதும், வாங்கிய அன்று மாலையிலும் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருமுறை உடல் அதை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு ஒவ்வொரு முறை பட்டாலும் திரும்ப வரும். கழற்றினாலும் எரிச்சல் தடிப்பைப்போல விரைவாக அடங்காது. வாரக்கணக்கில் இழுக்கும்.

தடிப்பு வாட்சின் முதுகு வடிவத்திலேயே, வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தால், பட்டை எதுவானாலும் பயனில்லை. அங்கே சருமத்தைத் தொடுவது வாட்சின் உடல்தான். அதன் உலோகமோ, பாகங்களை ஒட்டும் பசையில் இருக்கும் அக்ரிலேட் வகை வேதிப்பொருளோ காரணமாக இருக்கலாம். இது வெறும் கற்பனைச் சாத்தியம் அல்ல. 2014-இல் ஃபிட்பிட் நிறுவனம் தன் ஃபோர்ஸ் என்ற ஃபிட்னஸ் பேண்டை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. தடிப்பு, எரிச்சல் என்று ஏறத்தாழ 9,900 புகார்கள் வந்திருந்தன. உலோகத்திலிருந்த நிக்கலும், பட்டையிலும் ஒட்டுப்பசையிலும் இருந்த பொருள்களும் காரணமாக இருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. இப்படிப்பட்ட தடிப்புக்கு வாட்சையே மாற்றுவதுதான் வழி.

இன்னொன்று, தடிப்பு பட்டையின் எல்லையைத் தாண்டி வளையமாகப் பரவி, ஓரம் மேடிட்டு, நடு தெளிந்துகொண்டே போனால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும். மழைக்கால மும்பையில் அது மிகச் சாதாரணம். இதைப் பட்டைப் பிரச்சினை என்று நினைத்து, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவுவதுதான் நான் பார்த்தவற்றிலேயே மோசமான கேடு. தடவிய சில நாட்களுக்குச் சிவப்பு குறையும். அடியில் பூஞ்சை நன்றாகப் பரவும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். வளையம் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் பட்டைகளை ஒப்பிடுபவர்கள் மென்மை, நிறம், விலை என்று ஒப்பிடுகிறார்கள். மும்பையில் வாழ்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வியர்வை எங்கே போகிறது? அது எவ்வளவு நேரத்தில் உலர்கிறது? ஜூலை மாதத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல்தான் இருக்கும். தாதரில் ரயில் மாறி ஏறும்போது மணிக்கட்டில் ஊறும் வியர்வை, அலுவலகத்தின் ஏசியில் உட்கார்ந்த பிறகுதான் காய வாய்ப்பே பெறுகிறது. மே மாத டில்லியின் வறண்ட காற்றில் ஒரு பொருள் காட்டும் குணம் வேறு, ஜூலை மும்பையில் காட்டும் குணம் வேறு. பெங்களூரில் இருக்கும் நண்பர் புகழும் பட்டை நமக்கு ஒத்துவராமல் போவதும் இதனால்தான்.

சிலிகானும் ஃப்ளூரோ ரப்பரும்

சிலிகான் தண்ணீரை உறிஞ்சாது. இதுவே அதன் பலம், இதுவே அதன் பலவீனம். உறிஞ்சாததால் கழுவித் துடைத்தால் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். வியர்வை உள்ளே ஊறி நாற்றம் பிடிக்காது. அதே காரணத்தால், பட்டைக்கும் சருமத்துக்கும் நடுவே வரும் வியர்வை போக்கிடமின்றி ஒரு படலமாக அங்கேயே நிற்கும். சமதளமான அகலப் பட்டையில் இந்தப் படலம் மணிக்கட்டு முழுக்கப் பரவும். எனவே சிலிகான் வாங்கும்போது நிறத்தைவிட உட்புறத்தைப் பாருங்கள். உட்புறத்தில் நீளவாக்கில் வாய்க்கால்போல் பள்ளங்கள் இருக்கின்றனவா, பட்டை முழுக்க ஊடுருவும் பெரிய துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பக்கிள் ஊசி நுழையும் சிறு துளைகள் போதாது. உட்புறம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் அது ஈரத்தில் சருமத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேசான சொரசொரப்பு நல்லது.

தூய சிலிகானுக்கு ஒவ்வாமை வருவது அரிது. இருந்தும் "சிலிகான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது தேங்கிய வியர்வையும் இறுக்கமும்தான். இதயத்துடிப்பை அளக்க வேண்டும் என்று நடைப்பயிற்சியின்போது ஒரு துளை இறுக்குகிறோம். பயிற்சி முடிந்ததும் தளர்த்த மறந்துவிடுகிறோம். வெப்பத்தில் மணிக்கட்டு கொஞ்சம் வீங்கவும் செய்யும். ஓடும்போதும் நடக்கும்போதும் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, வாட்ச் நகராத அளவுக்குக் கட்டினால் போதும். பயிற்சி முடிந்ததும் கழற்றித் துடைத்து, ஒரு துளை தளர்த்தி எலும்புக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். ஒரு புதிய பட்டை செய்யக்கூடியதைவிட இந்தப் பழக்கம் கூடுதலாகவே செய்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

விலையுயர்ந்த வாட்சுகளில் சிலவற்றோடு வரும் பட்டை பார்வைக்குச் சிலிகான் போலவே இருந்தாலும் ஃப்ளூரோ ரப்பர் வகையைச் சேர்ந்தது. கையில் எடுத்தால் சிலிகானைவிடக் கனமாக, பட்டுப்போல வழுக்கும். எண்ணெய், சன்ஸ்கிரீன், வியர்வை ஆகியவற்றுக்கு எளிதில் அசையாது. தூசியும் பஞ்சும் அவ்வளவாக ஒட்டாது. நீடிப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் ரப்பர் வகைகளில் இதற்கே நான் முதலிடம் தருவேன். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 வாட்ச் பட்டைகளைச் சோதித்து வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. ஃப்ளூரோ ரப்பர் பட்டைகள் பலவற்றில், எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களில் ஒன்றான PFHxA கணிசமான அளவில் இருந்தது. விலை கூடிய பட்டைகளில்தான் அது அதிகம். அந்த ஆய்வு பட்டையில் இருப்பதை அளந்ததே தவிர, சருமத்துக்குள் புகுவதை அளக்கவில்லை. தூங்கும்போதும் கழற்றாமல் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டுபவராக இருந்தால், அந்தக் கவலைக்கு இடம் கொடுக்காத சாதாரண சிலிகானையே நான் பரிந்துரைப்பேன். காலை நடைக்கு மட்டும் கட்டுபவர் ஃப்ளூரோ ரப்பரைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

மலிவுப் பேண்டுகளோடு வருவது பெரும்பாலும் டிபியு என்ற பிளாஸ்டிக். இழுத்தால் சிலிகான் அளவுக்கு நீளாது, விறைப்பாக இருக்கும், கொஞ்சம் பளபளக்கும். ஒளி ஊடுருவும் பட்டையாக இருந்தால் சில மாதங்களில் மஞ்சளாகும். வெப்பமும் ஈரமும் சேரும்போது இந்த வகைப் பிளாஸ்டிக்குகளில் சில உள்ளுக்குள் சிதைகின்றன. பட்டை பிசுபிசுப்பாகி, பிறகு வளையும் இடத்தில் வெடிக்கும். பிசுபிசுப்புத் தொடங்கியதும் தூக்கிப்போடுவதுதான் முறை. அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

நைலான்

வெல்க்ரோ வைத்த நைலான் பட்டையைக் கட்டிப் பார்த்தவர்கள் மற்றவற்றுக்குத் திரும்புவது அபூர்வம். காரணம் எளிது. நெசவின் இடைவெளியில் காற்று போகிறது. வியர்வை ஒரே இடத்தில் தேங்காமல் இழைகள் வழியே பரவுகிறது. துளைக்கணக்கு இல்லாததால் அந்தந்த நேரத்துக்கு வேண்டிய அளவுக்கு நுணுக்கமாகத் தளர்த்தவோ இறுக்கவோ முடிகிறது. எரிச்சல் தடிப்பு வந்தவருக்கு வறண்ட மாதங்களில் இதைவிட நல்ல பட்டை இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் பரவிய வியர்வை காற்றில் கலந்தால்தான் இந்தப் பலன். நீர் ஆவியாகிப் போனாலும் உப்பும் எண்ணெய்ப்பசையும் இழைகளில் தங்கிவிடும். நான்கைந்து நாள் கழுவாத நைலான் பட்டையின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், விறைத்திருக்கும். அந்த விறைப்பு சருமத்தைத் தேய்க்கும். எனவே தினம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோப்பு போட்டால் நுரை முழுதும் போகும் வரை அலச வேண்டும். சலவைத்தூளில் ஊறவைத்து அரைகுறையாக அலசிய நைலான், வியர்வை பட்டதும் அந்தச் சலவைத்தூளைத் திரும்பச் சருமத்துக்கே கொடுக்கும். பட்டை மாற்றிய பிறகு தடிப்பு கூடியதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதில் துவைத்தீர்கள் என்பதே.

மும்பை மழைக்காலம் வந்ததும் நைலானின் கணக்கு மாறிவிடுகிறது. இரவு அலசிப் போட்டால் ஏப்ரலில் காலைக்குள் காய்ந்துவிடும் பட்டை, ஜூலையில் குளிர்ந்த ஈரத்தோடு இருக்கும். ஈரப் பட்டையைக் கட்டினால் சிலிகானைவிட மோசம். ஏனெனில் சிலிகானைத் துடைக்கலாம், இதைத் துடைத்துக் காயவைக்க முடியாது. ஒரு நாற்றமும் வரும், துணி மடித்த ஈரத்தில் வருவதுபோல. இதற்கு வழி இரண்டே. இரண்டு நைலான் பட்டைகளை மாற்றி மாற்றிக் கட்டி, கழற்றியதை மின்விசிறிக்கடியில் ஒரு முழு நாள் தொங்கவிடலாம். அல்லது ஜூன் முதல் செப்டம்பர் வரை நைலானை ஒதுக்கிவிட்டுத் துளை வைத்த சிலிகானுக்குப் போகலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். லோக்கல் ரயிலுக்கு நடக்கும் வழியில் ஒரு மழை போதும், உலர்ந்த நைலானும் அன்று முழுக்க நனைந்ததாகிவிடும்.

நைலானில் தேய்வது துணி அல்ல, வெல்க்ரோதான். கொக்கிகளில் தூசியும் நூலும் சேர்ந்து பிடிப்பு போகும். பழைய பல்துலக்கியால் அவ்வப்போது தட்டி எடுத்தால் ஆயுள் கூடும். கூட்டத்தில் யாருடைய பையாவது உரசிப் பட்டை தானாகத் திறந்துகொண்டால், அது மாற்ற வேண்டிய நேரம்.

தோல் பட்டையைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. மும்பை வியர்வைக்கு அது பொருந்தாது. ஊறும், உப்பி வெடிக்கும், நாற்றம் பிடிக்கும். குரோமியம் சேர்த்துப் பதனிட்ட தோலிலிருந்து ஈரத்தில் வெளிவரும் குரோமியத்துக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. கல்யாணத்துக்குக் கட்டிப் போக ஒன்று வைத்துக்கொள்ளலாம். எஃகு வலைப் பட்டை பார்க்க அழகு, ஆனால் கண்ணிகளுக்குள் அழுக்கு சேரும், கையிலிருக்கும் முடியைப் பிடுங்கும். உண்மையான டைட்டானியம் பட்டை ஒவ்வாமைக்காரருக்கு அருமையானது. விலைதான் தடை. டைட்டானியம் நிறத்தில் வரும் எஃகையும் டைட்டானியம் என்றே விற்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சித்தியின் பக்கிள்

மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தி தினமும் விடியற்காலை ஃபைவ் கார்டன்ஸில் நடப்பவர். சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னதிலிருந்து அடியெண்ணிக்கை பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம். அவருடைய இடது உள்மணிக்கட்டில் தடிப்பு வந்தது. முதலில் வாட்சோடு வந்த சிலிகான். பிறகு கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் வாங்கிய தோல் பட்டை. அதற்குப் பிறகு "நல்ல சிலிகான்" என்று சொல்லி விற்ற இன்னொன்று. மூன்றிலும் அதே இடம். "இந்த ரப்பர், தோல் எதுவுமே எனக்கு ஆகாதுடா" என்று என்னிடம் கையை நீட்டிக் காட்டினார்.

பார்த்ததும் தெரிந்தது, தடிப்பு சுற்றிலும் இல்லை. பக்கிள் சட்டம் அழுந்தும் இடத்தில் மட்டும், அதன் நீள்சதுர வடிவத்திலேயே இருந்தது. "சித்தி, கவரிங் தோடு போட்டால் காது என்ன ஆகும்?" என்று கேட்டேன். "புண்ணாகிவிடும். அதனால்தான் கல்யாணமானதிலிருந்து தங்கம் மட்டும்" என்றார். கவரிங் நகையில் காது அரிப்பதும், ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே தடிப்பதும் நிக்கல் ஒவ்வாமையின் பழைய, தெளிவான அடையாளங்கள். மூன்று பட்டைகளின் பொருள் வேறு வேறாக இருந்தாலும், மூன்றின் பக்கிளும் மலிவான உலோகத்தில் பளபளப்புப் பூச்சு ஏற்றியது. அந்தப் பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் படலம் இருக்கும். வியர்வையின் உப்பு அந்த நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சருமத்துக்குக் கொடுக்கிறது. எனவே ஒவ்வாமைக்காரருக்கு டிசம்பரில் வராத தடிப்பு, அக்டோபர் வெயிலிலும் மழைக்காலத்திலும் வரும்.

உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று செய்தோம். தடிப்பு முதலில் முழுவதும் ஆறும்வரை வாட்சை ஒதுக்கி வைத்தார். பிறகு பக்கிளின் உட்புறத்தை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றித் தைத்துவிட்டு, அதே சிலிகான் பட்டையை அதே கையில் கட்டி, வழக்கம்போல் நடந்தார். துணியைத் தினம் மாற்றினார். வியர்வை அதே வியர்வை, சிலிகான் அதே சிலிகான், தடிப்பு மட்டும் வரவில்லை. பக்கிளில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க டைமெத்தில்கிளையாக்சிம் என்ற கரைசல் உண்டு. பஞ்சுக்குச்சியில் அதை நனைத்து உலோகத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் உலோகமானால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். சித்தியின் பக்கிளில் பஞ்சு உடனே நிறம் மாறியது.

அதோடு நிற்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். காரணம், நிக்கலோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம். அங்கே செய்வது பேட்ச் சோதனை. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு வட்டில்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். 72 அல்லது 96 மணி நேரத்தில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள், ஏனெனில் ஒவ்வாமை தாமதமாகவே தெரியும். அந்த நாட்களில் முதுகு நனையக்கூடாது, அதிகம் வியர்க்கவும் கூடாது. எனவே மழைக்காலமும் கோடையும் கழிந்து செய்வது நல்லது. சித்தி டிசம்பரில் செய்துகொண்டார். நிக்கல் மட்டும்தான் என்று வந்தது.

இப்போது அவருக்குப் பட்டை தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிட்டது என்று நினைக்கலாம், ஆனால் இல்லை. உலோகமே இல்லாத பட்டை வேண்டும். நைலான் வெல்க்ரோ பட்டைகள் சிலவற்றில் திருப்பிப் போடும் இடத்தில் ஓர் உலோக வளையம் உண்டு, அதுவும் மணிக்கட்டைத் தொடும். வளையமும் பிளாஸ்டிக்காக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. பக்கிளே இல்லாமல் நீளும் சிலிகான் வளையப் பட்டை இன்னொரு வாய்ப்பு. அதில் தளர்த்த வழியில்லை. கை வீங்கும் நாளில் இறுக்கும், சில மாதங்களில் நீண்டு தொளதொளக்கும். அதனால் அதை விட்டோம். பக்கிள் உட்புறத்தில் நெயில்பாலிஷ் பூசுவதை அவருடைய தோழி சொன்னார். பூசலாம், நிக்கலுக்கும் சருமத்துக்கும் நடுவே அது ஒரு படலம்தான். ஆனால் தினம் வியர்க்கும் கையில் அது சீக்கிரம் உரிந்துவிடும், அடிக்கடி பார்த்துப் பூச வேண்டும். நிரந்தர வழியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் சித்தியிடம் இருப்பவை இரண்டு. அக்டோபர் முதல் மே வரை பிளாஸ்டிக் வளையம் வைத்த நைலான். ஜூன் வந்ததும் பிளாஸ்டிக் பக்கிளும் பெரிய துளைகளும் கொண்ட சிலிகான். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, முன்பு வாங்கிய தோல் பட்டையின் விலையைவிடக் குறைவு. பட்டையின் இரு முனையிலும் இருக்கும் ஸ்பிரிங் பின் உலோகம்தான், ஆனால் அது பட்டைக்குள் மறைந்திருப்பதால் சருமத்தைத் தொடுவதில்லை.

நிக்கல் ஒவ்வாமை இல்லாதவருக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. நல்ல எஃகுப் பக்கிள் போதும். வாட்சுகளில் பயன்படும் 316எல் எஃகில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருந்தாலும் அது இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும். ஐரோப்பிய ஒன்றியம், சருமத்தோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களுக்கு வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராம் என்று நிக்கல் வெளியேற்ற வரம்பு வைத்திருக்கிறது. அது எவ்வளவு நிக்கல் உள்ளே இருக்கிறது என்பதை அளப்பதல்ல, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அளப்பது. பூச்சு உரிந்த மலிவுப் பக்கிளுக்கும் நல்ல எஃகுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான்.

கடையில் பார்க்க வேண்டியவை

லாமிங்டன் சாலையிலோ மனீஷ் மார்க்கெட்டிலோ வாங்கப் போகும்போது வாட்சையே கையோடு எடுத்துப் போங்கள். பட்டையின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று வரும். 20-க்கு 22-ஐ அழுத்தி நுழைத்தால் ஓரம் மடிந்து, அந்த மடிப்பிலிருந்தே கிழியத் தொடங்கும். சிலிகான் இழுவையைத் தாங்கும், ஆனால் ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்து சட்டென்று கிழியும். எனவே வாங்குமுன் ஸ்பிரிங் பின் நுழையும் முனையையும், ஊசி நுழையும் துளைகளையும் வளைத்துப் பாருங்கள். துளையின் விளிம்பில் வெட்டுப்பிசிர் இருந்தால் வாங்க வேண்டாம். வீட்டிலும் மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களை வளைத்துப் பார்ப்பது நல்லது.

பட்டையைவிட முதலில் கெடுவது பல சமயம் ஸ்பிரிங் பின்தான். வியர்வை உப்பும் கடற்காற்றும் சேர்ந்து மலிவான பின்னைத் துருப்பிடிக்க வைக்கின்றன. பட்டை முனையில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, பின்னை அழுத்தினால் துள்ளாமல் சிக்கிக்கொண்டாலோ அது உடைய நெருங்கிவிட்டது. பட்டை நன்றாக இருக்கும், பின் முறிந்து வாட்ச் பிளாட்பாரத்தில் விழும். புதிய பின் ஒரு ஜோடி சொற்ப விலைதான், சாதாரணக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எஃகு பின்னாகக் கேட்டு வாங்கி, பட்டை மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றிவிடுங்கள்.

கொசு விரட்டிக் களிம்பு தடவும் வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். அவற்றில் சிலவற்றில் உள்ள டீட் என்ற பொருள் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். களிம்பு தடவிய கையில் டிபியு பட்டையைக் கட்டினால் கைரேகை பதிந்ததுபோல மேற்பரப்பு குழைவதைப் பார்க்கலாம். களிம்பு தடவினால் மணிக்கட்டை விட்டுத் தடவுங்கள், அல்லது அது காய்ந்த பிறகு கட்டுங்கள். சானிடைசரால் பட்டையைத் துடைக்கும் பழக்கமும் வேண்டாம். பட்டைக்கடியில் எஞ்சும் சானிடைசர் சருமத்தை வறளச் செய்யும், வறண்ட சருமத்தில் வியர்வை இன்னும் எரியும். வெறும் தண்ணீர் போதும். எண்ணெய்ப்பசை இருந்தால் மிதமான சோப்பு இரண்டு சொட்டு, பிறகு நன்றாக அலசல்.

தடிப்பு இருக்கும் கையில் புதுப் பட்டையைச் சோதிக்காதீர்கள். முழுதும் ஆறிய பிறகு, முதல் இரண்டு நாள் சில மணி நேரம் மட்டும் கட்டி, மூன்றாம் நாள் கட்டாமல் பாருங்கள். ஒவ்வாமை தாமதமாகத் தெரியும் என்பதால் அந்தக் கட்டாத நாள்தான் சோதனை. அன்று மணிக்கட்டு அரிக்காமல் இருந்தால் நான்காம் நாளிலிருந்து நேரத்தைக் கூட்டலாம். கொப்புளம் வந்தால், நீர் கசிந்தால், அல்லது வாட்ச் கட்டாத இடங்களுக்கும் தடிப்பு பரவினால் இந்தச் சோதனைகளையெல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது பட்டையையும் பக்கிளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் பார்க்க விரும்பும் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.